நீலகிரி நசுங்காமல் கார்ட்டோகிராம் போடுவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். 2011 கணக்கெடுப்பை வைத்து, மக்கள்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களின் பரப்பு மாறும் கார்ட்டோகிராம் ஒன்றை R-இல் போட்டேன். சென்னை பெரிதானது சரி, அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் நீலகிரி கரண்டிக் காம்பு மாதிரி ஒல்லியாகிவிட்டது. பிள்ளைகள் "நம்ம மாவட்டம் எங்க சார்?" என்று கேட்கிறார்கள். சென்னை இழுத்த இழுப்பில்தான் இப்படி ஆனதா? பக்கத்து மாவட்டங்களும் அடையாளம் தெரிகிற மாதிரி எப்படிப் போடுவது?

பதில்: சென்னை மேல் பழி போட வேண்டாம். அது கிட்டத்தட்ட 440 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அது எவ்வளவு வீங்கினாலும் நீலகிரி வரை வரும்போது அந்தத் தள்ளல் மூன்று கிலோமீட்டர் அளவுக்குத்தான் தேறும். காரணம் நீலகிரிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்கும் முன் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு மாவட்டம் எத்தனை மடங்கு ஆக வேண்டும் என்பது நிரலை ஓட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த மாவட்டத்தின் மக்கள் அடர்த்தியை மாநில அடர்த்தியால் வகுத்தால் போதும். 2011-இல் தமிழ்நாட்டின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். கோவை 731, ஆகவே 1.32 மடங்கு பெருக்க வேண்டும். ஈரோடு 391, அது 0.70 ஆகச் சுருங்கும். நீலகிரியில் 2,565 சதுர கிலோமீட்டரில் 7,35,394 பேர். அடர்த்தி சுமார் 287, மடங்கு 0.52. அதாவது பரப்பு ஏறக்குறைய பாதியாகி 1,326 சதுர கிலோமீட்டருக்கு வரவேண்டும். சென்னைக்கு இதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 48 மடங்கு.

இந்தச் சென்னை எண்ணை ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 48-க்குப் பதிலாக 20-க்குப் பக்கத்தில் வந்தால், எல்லைக் கோப்பு புதியது, மக்கள்தொகை பழையது என்று அர்த்தம். சென்னை மாவட்டம் 2018-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2011-இல் இருந்த 46,46,732 பேர் பழைய, சுமார் 175 சதுர கிலோமீட்டருக்கு உரியவர்கள். 2019, 2020-இல் பிரிந்த மாவட்டங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நீலகிரியின் பரப்பு மாறவில்லை, அதனால் நம் மாவட்டத்தை மட்டும் பார்த்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. 32 மாவட்டங்கள் உள்ள 2011 எல்லைக் கோப்பையே எடுங்கள்.

சரி, காம்பு ஏன் வந்தது? நீங்கள் பயன்படுத்தியது `cartogram_cont` ஆகத்தான் இருக்க வேண்டும். அதன் அடியில் இருப்பது டூஜெனிக், கிரிஸ்மன், நீமெயர் மூவரும் 1985-இல் வெளியிட்ட முறை. அது ஒவ்வொரு மாவட்டத்தையும் அதன் மையப்புள்ளியைச் சுற்றிய ஒரு வட்டமாகத்தான் நினைக்கிறது. பெருக வேண்டிய மாவட்டத்தின் மையம் சுற்றியுள்ள எல்லைப் புள்ளிகளை வெளியே தள்ளும், சுருங்க வேண்டியதன் மையம் உள்ளே இழுக்கும். வட்டத்துக்கு வெளியே போகப் போக அந்த விசை குறையும்.

கோவைக்கு வட்டம் என்று வைத்தால் பெரிய குற்றமில்லை. நீலகிரி அப்படியா? கிழக்கே கோத்தகிரி, குன்னூர், மேற்கே கூடலூர் தாண்டிப் பந்தலூர் என்று நீண்டு கிடக்கிறது. தோராயமாக மையத்திலிருந்து கிழக்கு மேற்காக 40 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். இதே பரப்புள்ள வட்டத்தின் ஆரம் 28.6 கிலோமீட்டர், அது 20.5 ஆக வேண்டும். இந்த முறையின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 20 கிலோமீட்டரில் உள்ள புள்ளி 7.5 கிலோமீட்டர் உள்ளே வருகிறது, 40 கிலோமீட்டரில் உள்ள புள்ளி 5.8 மட்டுமே வருகிறது. ஏற்கெனவே ஒடுக்கமான பக்கம் 37 விழுக்காடு சுருங்க, நீளமான பக்கம் 15 விழுக்காடுதான் சுருங்குகிறது. அக்கம்பக்கத்து விசைகளைச் சேர்க்காத கைக்கணக்கு இது. ஆனாலும் நீங்கள் பார்த்த ஒல்லிக்கு இதுதான் காரணம்: 2-க்கு 1 என்று இருந்த வடிவம் 2.7-க்கு 1 ஆகிறது. பரப்பு சரிதான், ஆனால் சாயல் போய்விடுகிறது.

அப்படியானால் வட்டத்தைச் சின்னதாக்குவதுதான் வழி. மாவட்டத்தை ஒரே துண்டாகக் கொடுக்காமல் தாலுகாக்களாகக் கொடுங்கள். உதகமண்டலம், குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று நீலகிரிக்கு ஆறு மையங்கள் கிடைக்கும். இழுப்பு மாவட்டம் முழுக்கப் பரவும். கோவைக்கும் மேட்டுப்பாளையம் பக்கம் ஒன்று, வால்பாறை பக்கம் ஒன்று என்று பல மையங்கள் வருவதால் நீலகிரியின் தென்கிழக்கு எல்லையும் ஒரே புள்ளியிலிருந்து குத்துப்படாது.

இதில் கவனிக்க வேண்டியது எடை. தாலுகாவின் உண்மையான மக்கள்தொகையைப் போடாதீர்கள். போட்டால் அடர்த்தியான தாலுகா வீங்கும், காடு அதிகம் உள்ளது ஒடுங்கும், மாவட்டத்துக்குள்ளேயே ஒரு புதுக் கோணல் வரும். உங்கள் படம் மாவட்டத்தைப் பற்றியது. ஆகவே மாவட்ட மக்கள்தொகையைத் தாலுகாக்களின் பரப்புக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். கடைசியில் தாலுகாக்களைச் சேர்த்து மாவட்டமாக்கிக்கொள்ளலாம். கீழே `pop` என்பது மாவட்ட மக்கள்தொகை, அந்த மாவட்டத்தின் எல்லாத் தாலுகா வரிசையிலும் அதே எண்.

```r
library(sf); library(dplyr); library(cartogram)
tk <- st_read("taluk.gpkg") |>
  st_transform("+proj=laea +lat_0=11 +lon_0=78.5 +datum=WGS84 +units=m")
tk$km2 <- as.numeric(st_area(tk)) / 1e6
tk <- tk |> group_by(district) |>
  mutate(w = pop * km2 / sum(km2)) |> ungroup()
cg <- cartogram_cont(tk, "w", itermax = 6, prepare = "none")
d <- cg |> group_by(district) |> summarise(pop = first(pop))
a <- as.numeric(st_area(d))
d$r <- (a / sum(a)) / (d$pop / sum(d$pop))
```

`st_transform` வரியை விட்டுவிடாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை அளவிலேயே விட்டால் இந்த முறை ஓடாது. இங்கே பரப்பு மாறாத வீழல் ஒன்றைத் தமிழ்நாட்டின் நடுவில் வைத்திருக்கிறேன்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். தாலுகா முறையில் ஒல்லியாவது குறையுமே தவிர முற்றாக நிற்காது. நீண்ட வடிவம் ஒன்று சுற்றியிருப்பதோடு ஒட்டியபடியே சுருங்கும்போது, ஒடுக்கமான பக்கம்தான் அதிகம் விட்டுக்கொடுக்கும். புதிய பரவல் முறைகளிலும் இது உண்டு. மீதியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் சரிக்கட்ட வேண்டும்.

ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் திரையில் `Mean size error` என்று ஒரு எண் வரும். அது 1-ஐத் தொடும் வரை ஓட்டலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் பொறி. அது எல்லாத் துண்டுகளின் சராசரி, சென்னையின் 48 மடங்கு ஒன்றே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். நீலகிரி, கோவை, ஈரோடு எல்லாம் தங்கள் அளவுக்கு வந்து நின்ற பிறகும், சென்னைக்காகச் சுற்றுகள் போய்க்கொண்டே இருக்கும். திருவள்ளூரும் காஞ்சிபுரமும் சென்னையைச் சுற்றி மெல்லிய பட்டையாவது இந்தக் கடைசிச் சுற்றுகளில்தான்.

ஆகவே சராசரியை விட்டுவிட்டு `r` பட்டியலைப் பாருங்கள். 1 என்றால் மக்கள்தொகைக்குச் சரியான பரப்பு. நீலகிரி தொடக்கத்தில் 1.93-இல் இருக்கும், அதாவது தன் பங்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். `itermax`-ஐ 3, 6, 9, 12 என்று மாற்றி ஓட்டி, ஒவ்வொன்றையும் படமாகச் சேமித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான மாவட்டங்கள் 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் வந்த முதல் படத்தை நான் எடுத்துக்கொள்வேன். சுவரில் மாட்டும் படத்தில் பத்து விழுக்காடு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோணல் உடனே தெரியும். அப்போது சென்னை 0.8-இல் இருந்தாலும் எனக்குச் சம்மதம். சென்னை பெரிது என்பது அந்த அளவிலேயே யாருக்கும் புரிந்துவிடும்.

எல்லைகளுக்கு நடுவே வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தால் முறையைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத்தான் அது நகர்கிறது. ஆகவே குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பொதுவான புள்ளி இரண்டிலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். கீற்று வந்தால் ஒரு பக்க எல்லையில் இருக்கும் புள்ளி மறுபக்கத்தில் இல்லை என்று பொருள். கோப்பைச் சிறிதாக்க ஒவ்வொரு மாவட்டத்தையும் தனித்தனியாக எளிமைப்படுத்தினால் இப்படி ஆகும். mapshaper போன்ற, பொது எல்லையை ஒரே கோடாக வைத்து எளிமைப்படுத்தும் கருவியில் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அப்புறம், மேற்கு எல்லை. தமிழ்நாட்டை மட்டும் கொடுத்தால் கூடலூருக்கு அந்தப் பக்கம் வெறுமை, பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மூன்று மாநிலங்கள் சேரும் மூலை என்றுதான் பிள்ளைகளுக்கு நம் மாவட்டம் மனதில் இருக்கிறது. வயநாடு, மலப்புரம், பாலக்காடு, சாமராஜநகர் நான்கையும் அதே கோப்பில் சேர்த்து, அவற்றின் `pop` இடத்தில் பரப்பு × 555 என்று போடுங்கள். மடங்கு 1 ஆகிவிடுவதால் அவை தாமாக வீங்கவோ சுருங்கவோ செய்யாது, ஆனால் நசுக்கினால் எதிர்த்து நிற்கும். `r` கணக்கிடும்போது மட்டும் அவற்றை நீக்கிவிடுங்கள். ஓட்டி முடித்த பிறகு சாதாரண கேரளப் படத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது வேண்டாம், எல்லைகள் பொருந்தாது.

அச்சிடும்போது அந்த நான்கையும் வெளிர் சாம்பலில் விடுங்கள். நீலகிரிக்குள் மட்டும் `cg`-இல் உள்ள தாலுகாக் கோடுகளை மெல்லியதாகப் போட்டு ஆறு பெயர்களையும் எழுதுங்கள். கோத்தகிரி எங்கே என்று தெரிந்துவிட்டால் மாவட்டத்தைத் தேட வேண்டியிருக்காது. சாதாரணப் படத்தையும் அதே நிறங்களில் பக்கத்தில் வையுங்கள். படத்தின் அடியில் 2011 கணக்கெடுப்பு என்பதையும், சென்னை இன்னும் எத்தனை விழுக்காடு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பதையும் உங்கள் `r` மதிப்பைப் பார்த்து எழுதிவிடுங்கள்: 0.8-இல் நிறுத்தியிருந்தால் அது 25.