விடுப்பு மீதம் 6 நாள், கேட்டது 5 நாள், ஆனாலும் நிராகரிக்கலாமா?

"3ஆம் தேதி திங்கள் ஓர் ஊழியரின் விடுப்பு விண்ணப்பம் வந்தது. 13 வியாழன் முதல் 19 புதன் வரை விடுப்பு. மீதம் 6 நாள், அதில் 2 நாள் அடுத்த மாதத்துக்கு ஏற்கெனவே அனுமதித்தது. முன்னறிவிப்பு 7 வேலை நாள். 19 முதல் 21 வரை விடுப்புத் தடை. சனி, ஞாயிறு விடுமுறை. அனுமதிக்கலாமா?"

இப்படியே அனுமதிக்க முடியாது. ஆனால் முன்னறிவிப்பில் குறை இல்லை. விண்ணப்பித்த நாளையும் விடுப்பு தொடங்கும் நாளையும் விட்டுவிட்டு எண்ணினால் 4 முதல் 7 வரை நான்கு, 10 முதல் 12 வரை மூன்று, சரியாக 7. நீங்கள் விண்ணப்பத்தைத் தாமதமாகப் பார்த்திருந்தாலும் எண்ணிக்கை அவர் அனுப்பிய நாளிலிருந்துதான். இல்லையென்றால் உங்கள் தாமதத்துக்கு அவர் விலை கொடுப்பார்.

சிக்கல் மீதத்தில்தான். அனுமதித்து இன்னும் எடுக்காத 2 நாளைக் கழிக்க வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கழித்தால் 4. சனி, ஞாயிறு போக அவர் கேட்பது 5 வேலை நாள், அதாவது ஒன்று கூடுதல்.

அப்புறம் தடை நாள். விடுப்பின் முதல் நாளை மட்டும் பார்த்தால் 13 தப்பிவிடும். விடுப்பு தடை முடிவதற்குள் தொடங்கி, தடை தொடங்கும் நாளிலோ அதற்குப் பிறகோ முடிந்தால் மோதல்தான். இங்கே 19 மோதுகிறது.

வெறுமனே "நிராகரிப்பு" என்று அனுப்பாதீர்கள். இரண்டு காரணத்தையும் எழுதி, 18 செவ்வாயோடு முடித்துக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள். அப்போது 4 நாள்தான், தடையும் இல்லை. தொடக்கத் தேதி மாறாததால் பழைய விண்ணப்ப நாளையே ஏற்றுக்கொள்ளுங்கள். புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னால் முன்னறிவிப்பு குறைந்துவிடும்.