தேடுபவருக்கு ஒரு தலைப்பு, படிப்பவருக்கு ஒரு தலைப்பு: கேள்வி பதில்

மலர்: தேடல் முடிவுக்கு என்று எழுதும் டைட்டிலும் பக்கத்தின் மேலே தெரியும் தலைப்பும் வேறுவேறாக இருந்தால் கூகுள் தண்டிக்குமாமே அண்ணா?

தண்டனையெல்லாம் கிடையாது. ஆனால் இரண்டும் வெவ்வேறு விஷயத்தைச் சொன்னால், உங்கள் டைட்டிலை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் பெரிதாகத் தெரிவதை எடுத்துப் போட்டுவிடும். 2021 ஆகஸ்டில் கூகுள் தேடல் முடிவுத் தலைப்புகளை எடுக்கும் முறையை மாற்றிய பிறகு இது சகஜம்.

குமரன்: ஒரே பக்கத்துக்கு இரண்டையும் எழுதிக் காட்டுங்களேன்.

ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றும் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். மனதில் முதலில் தோன்றும் தலைப்பு "எவ்வளவு திருகினாலும் நிற்காத சொட்டு". பக்கத்தில் அது அழகுதான், கீழேயே குழாயின் படம் இருக்கிறதே. தேடல் முடிவில் படம் இருக்கும் என்று நம்ப முடியாது. கண் சொட்டு மருந்தா, கூரை ஒழுகலா என்று யாருக்குத் தெரியும்?

```html
<title>குழாய் சொட்டுகிறதா? வாஷர் மாற்றும் முறை</title>
<h1>எவ்வளவு திருகினாலும் குழாய் சொட்டுகிறதா? வாஷரைப் பாருங்கள்</h1>
```

தேடுபவர் தட்டும் சொல் டைட்டிலின் முதலிலேயே வந்துவிட்டது. பக்கத்துத் தலைப்பிலும் "குழாய்" என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறேன், கவனியுங்கள். கூகுள் நாளைக்கே அதைத் தூக்கித் தேடல் முடிவில் போட்டாலும் தனியாக நின்று பொருள் தரவேண்டும். எந்தத் தலைப்பை எழுதினாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ரவி: 60 எழுத்துக்குள் இருக்கவேண்டும், இல்லையா?

பாதி சரி. கூகுள் எழுத்து வரம்பு எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, 60-ஐ எட்டும் முன்பே வெட்டுப்படலாம். எழுத்து எண்ணும் கருவிகள் பல "கு"வை இரண்டாக எண்ணும், அதையும் நம்பாதீர்கள். முக்கியமான சொல் முன்னால் இருந்தால் வால் போனாலும் பரவாயில்லை.

செல்வி: எத்தனை எழுத்து வரை போகலாம் சார்?

ரவிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தேவி: பக்கத்தில் 2025 என்று மாற்றிவிட்டேன். தேடலில் இன்னும் 2023 வருகிறது.

வேர்ட்பிரஸ்தானே? பதிவின் தலைப்பை மாற்றியிருப்பீர்கள். எஸ்இஓ ப்ளகினின் தலைப்புப் பெட்டியில் முன்பு கையால் தட்டியது அப்படியே கிடக்கும். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து `<title>` என்று தேடினால் தெரிந்துவிடும். அதைத் திருத்திவிட்டு, சர்ச் கன்சோலில் மறு அட்டவணைக்குக் கேளுங்கள். உடனே மாறாது. கூகுள் மறுபடி வந்து பக்கத்தைப் படித்தால்தான் மாறும்.

ரவி: டைட்டிலில் "பிளம்பர் தேவையில்லை" என்று போட்டால் ஆள் வருவார்களே?

வருவார்கள். மூன்றாவது பத்தியில் "பிளம்பரைக் கூப்பிடுங்கள்" என்று இருந்தால் அப்போதே போய்விடுவார்கள். மொழிநடை மாறலாம், வாக்கு மாறக்கூடாது.

குமரன்: ரவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாதுவான டைட்டிலை யார் கிளிக் செய்வார்கள்?

சாதுவாக எழுதச் சொல்லவில்லையே. "10 நிமிடத்தில்" என்று போடுங்கள், உண்மையிலேயே 10 நிமிடத்தில் முடியும் என்றால்.

ரவி: ஸ்பேனர் கையில் இருந்தால் முடியும்.

அப்படியானால் ஸ்பேனரையும் டைட்டிலில் சேருங்கள்.