ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நஞ்சு கீழே இருக்கு' என்றால்

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது, முதல் கர்ப்பம். 20 வாரத்தில் அனாமலி ஸ்கேன் எடுத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் கூப்பிட்டார்கள். குழந்தை நார்மல் என்றார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் "பிளசென்டா ஆன்டீரியர், லோ லையிங், இன்டர்னல் ஆஸில் இருந்து 1.4 செ.மீ., கிரேடு 1, லிக்கர் அடிக்வேட், ஏ.எஃப்.ஐ. 12" என்று இருக்கிறது. இதுவரை தீட்டு எதுவும் படவில்லை. மாமியார், காலுக்குத் தலையணை வைத்துப் படுத்தே இரு, வேலையை விடு என்கிறார். எனக்கு சிசேரியன்தானா? தண்ணீர் அளவு போதுமா? அக்காவுக்கு 16 இருந்ததாம்.

பதில்: முதலில் அந்தத் தலையணையைத் தலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் பிளசென்டா என்கிற நஞ்சு மேலே ஏறாது. அது கருப்பைச் சுவரில் ஒட்டி வளர்ந்திருக்கும் ஒரு உறுப்பு, நீங்கள் சாய்கிற பக்கம் சரிந்து வராது. ரத்தம் படாத பெண்ணை மாதக்கணக்கில் படுக்கப் போடுவதால் நஞ்சுக்கு ஒரு நன்மையும் கிடையாது, காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். வேலைக்குப் போகலாம், நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் மாதிரி கனமானவற்றைத் தூக்காதீர்கள், அது போதும். தாம்பத்தியத்தைப் பொறுத்தவரை, ரத்தம் படாதவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும் என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை, ஆனாலும் அடுத்த ஸ்கேன் வரை தள்ளிப்போடச் சொல்வதுதான் என் வழக்கம்.

இப்போது அந்த 1.4 செ.மீ. கருப்பை வாய் என்பது 3, 4 செ.மீ. நீளமுள்ள ஒரு சின்னக் குழாய். அதன் வெளி முனை பிறப்புறுப்புப் பக்கம் திறக்கும், உள் முனை குழந்தை இருக்கும் பக்கம். அந்த உள் முனைதான் இன்டர்னல் ஆஸ், பிரசவத்தில் குழந்தை வெளியே வரும் வாசல். நஞ்சின் கீழ் விளிம்பு அந்த வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கிறார்கள். 2 செ.மீ.க்குள் இருந்து, ஆனால் வாசலை மூடவில்லை என்றால் லோ லையிங். வாசலையே மூடியிருந்தால் பிளசென்டா பிரீவியா. இரண்டும் ஒன்றல்ல. உங்களுக்கு வந்திருப்பது முதலாவது, அதிலும் 6 மில்லிமீட்டர் குறைந்ததால் அந்தப் பெயர் வந்திருக்கிறது.

கிரேடு 1 என்பதைப் பார்த்துப் பலர் "முதல் நிலை பிரீவியா" என்று படித்துப் பயந்துவிடுகிறார்கள். முன்பு பிரீவியாவை ஒன்று முதல் நான்கு வரை வகை பிரித்து எழுதுவார்கள், குழப்பம் அதில் வருவது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள கிரேடு நஞ்சின் முதிர்ச்சியைச் சொல்வது, அதாவது ஸ்கேனில் சுண்ணாம்புப் புள்ளிகள் எவ்வளவு தெரிகின்றன என்பது. 0 முதல் 3 வரை போகும், ஐந்தாம் மாதத்தில் 0 அல்லது 1 என்று வருவதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு லிட்டர் தண்ணீர் விஷயம்தான் என் கண்ணில் முதலில் பட்டது. மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது அது கருப்பையின் கீழ்ப்பகுதியை முன்னாலிருந்து அழுத்தும். முன் சுவரும் பின் சுவரும் ஒட்டிக்கொள்ளும், கருப்பை வாய் நிஜத்தைவிட நீளமாகத் தெரியும், வாசல் மேலே இருப்பதுபோலக் காட்டும், அதனால் நஞ்சு வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதுபோல ஆகிவிடும். உங்களுடையது ஆன்டீரியர், அதாவது முன் சுவரில், மூத்திரப்பைக்கு நேர் பின்னால் இருப்பது, ஆகவே இந்த ஏமாற்று உங்களுக்கு நடந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இப்படி வரும்போது "போய் சிறுநீர் கழித்துவிட்டு வாங்க" என்று சொல்லித் திரும்பப் பார்ப்பதுதான் முறை. கூட்டம் அதிகமுள்ள சென்டரில் சில சமயம் அது விடுபட்டுவிடும். உங்களை அனுப்பிப் பார்த்தார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இல்லையென்றாலும் உடனே ஓடிப்போய் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. எப்படியும் 32 வாரத்தில் இன்னொரு ஸ்கேன் வரப்போகிறது, அதில் தெரிந்துவிடும்.

அது ஏன் மூன்று மாதம் கழித்து என்று கேட்பீர்கள். ஐந்தாம் மாதத்தில் கருப்பையின் கீழ்ப்பகுதி என்ற ஒன்று பெயருக்குத்தான் இருக்கிறது, சுமார் அரை செ.மீ. பிரசவ நேரத்தில் அதுவே 5 செ.மீ.க்கு மேல் நீண்டுவிடும். பாட்டியின் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை இறுக்கிக் கட்டியிருக்கும்போது, சுருக்கத்துக்குப் பக்கத்தில் தைத்த பூ வாயோடு ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். பை நிறைய நிறைய அந்தச் சுருக்கங்கள் விரியும், பூவும் வாயைவிட்டுத் தள்ளிப் போயிருக்கும். பூ நகரவில்லை, இடையில் இருந்த துணி விரிந்திருக்கிறது. நஞ்சு "மேலே ஏறிடுச்சு" என்று நாங்கள் சொல்வதும் பெரும்பாலும் இதுதான். இதோடு இன்னொன்றும் நடக்கிறது. கருப்பையின் அடிப்பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு, மேல்பகுதியில் அதிகம். நஞ்சு ரத்தம் கிடைக்கும் பக்கம் வளர்ந்து, கிடைக்காத ஓரத்தில் மெல்லச் சுருங்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான், ஐந்தாம் மாதத்தில் கீழே என்று எழுதப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்குள் சரியாகிவிடுகிறது. முன் சுவரில் இருப்பவை பின் சுவரில் இருப்பவற்றைவிட எளிதாக விலகும், அதுவும் உங்களுக்குச் சாதகம். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்கு மட்டும் நான் இவ்வளவு சாவகாசமாகப் பேச மாட்டேன். முன் சுவரில் பழைய தையல் தழும்பின் மேலேயே நஞ்சு உட்கார்ந்து ஆழமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அவர்களுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும், அது பெரிய விஷயம். உங்களுக்கு முதல் கர்ப்பம், அந்தக் கவலை இல்லை.

அடுத்த ஸ்கேன் 32 வாரத்தில். அதை வயிற்றின் மேல் வைத்துப் பார்க்காமல், உள்வழியாக எடுக்கச் சொல்லுங்கள். "நஞ்சு கீழே இருக்கும்போது உள்ளே கருவி விடலாமா?" என்று வீட்டில் கேட்பார்கள். விடலாம். ஸ்கேன் கருவி பிறப்புறுப்புக்குள் கொஞ்ச தூரம்தான் போகும், கருப்பை வாய்க்குள் நுழையாது. விரலை விட்டுப் பரிசோதிப்பதுதான் இந்த நிலையில் கூடாது, ஏனென்றால் விரல் வாசல் வரை போய் நஞ்சைத் தொட்டுவிடலாம். உள் ஸ்கேனில் சிறுநீர்ப்பை காலியாக இருக்கும், தூரம் மில்லிமீட்டர் கணக்கில் கிடைக்கும்.

அப்போது 2 செ.மீ.க்கு மேல் என்று வந்தால் நஞ்சைப் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்தது, மற்றவர்களைப் போல சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கலாம். ஒரு சின்னப் பின்குறிப்பு மட்டும்: ஓரம் சுருங்கி விலகும்போது சில சமயம் ரத்தக் குழாய்கள் மட்டும் வாசலுக்கு மேல் தங்கிவிடும், பனிக்குடம் உடையும்போது அவை கிழிந்தால் போவது குழந்தையின் ரத்தம். அரிதானதுதான், ஆனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் தெரிந்துவிடும், ஆகவே "வாசல் மேலே குழாய் ஏதும் ஓடுதான்னு பார்த்தீங்களா" என்று கேட்டுவிடுங்கள். 1 முதல் 2 செ.மீ. வரை என்று வந்தால் 36 வாரத்தில் இன்னொரு முறை அளந்துவிட்டு, அப்போதும் அப்படியே இருந்தாலும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் உள்ள இடத்தில் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். 1 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் சிசேரியன், வாசலை மூடியிருந்தால் நிச்சயம் சிசேரியன். இன்றைக்கு மூடாத நஞ்சு இனிமேல் வந்து மூடுவது வழக்கமில்லை.

ரிப்போர்ட்டில் லிக்கர் என்று எழுதியிருக்கும் பனிக்குட நீர் பற்றிச் சுருக்கமாக. தொப்புளை நடுவில் வைத்து வயிற்றை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் ஆழமான நீர்த் தேக்கத்தை அளந்து கூட்டினால் வருவதுதான் ஏ.எஃப்.ஐ. 5 முதல் 24 வரை சரியான அளவு. 12-ம் சரி, அக்காவின் 16-ம் சரி, இது மார்க் ஷீட் இல்லை. குழந்தை கொஞ்சம் புரண்டு படுத்த பிறகு அளந்தால் உங்களுக்கே வேறு எண் வரும். இந்த மாதத்தில் பனிக்குட நீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான், ஆகவே அளவு சரியாக இருப்பது குழந்தையின் சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதற்கும் ஒரு சாட்சி. சில ரிப்போர்ட்டில் நான்கையும் கூட்டாமல் ஒரே ஒரு ஆழமான தேக்கத்தை மட்டும் எழுதியிருப்பார்கள், அதற்கு அளவு 2 முதல் 8. அப்படி யாருக்காவது வரும் 4-ஐயும் உங்கள் 12-ஐயும் ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நஞ்சு முன்பக்கம் இருப்பதால் குழந்தைக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே ஒரு மெத்தை இருக்கிற மாதிரி, துடிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். 24 வாரம் ஆகியும் அசைவே தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பக்கம் என்றால் ஆண், பின்பக்கம் என்றால் பெண் என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள்.

கவனமாக இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று, ரத்தம். இந்த நிலையில் வருவது பெரும்பாலும் வலியே இல்லாமல், பளிச்சென்ற சிவப்பில் வரும். முதல் தடவை கொஞ்சமாக வந்து தானே நின்றும்விடும், "நின்னுடுச்சே, காலையில் பார்த்துக்கலாம்" என்று படுத்துவிடுவதுதான் தப்பு. அளவு எவ்வளவாக இருந்தாலும், பகலோ இரவோ, 108-ஐக் கூப்பிட்டாவது ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள், 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை இப்போதே ஒழுங்காக எடுத்துக்கொள்ளுங்கள், ரத்தம் போகிற நாளில் கையிருப்பு வேண்டும். ரிப்போர்ட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் கணவர் போனிலும் வைத்துவிடுங்கள். ராத்திரி டூட்டியில் இருக்கும் டாக்டர் கையுறை மாட்டுவதற்கு முன்னால், "நஞ்சு கீழே இருக்கு, ஸ்கேன் பார்க்காம உள்பரிசோதனை வேண்டாம்" என்று சொல்லி அதைக் காட்டுங்கள்.