சம்பளத்தை எதால் வகுப்பது?

ஐயா, கோவை சரவணம்பட்டியில் ஒரு வேலை, மாதம் 48,000. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இன்னொன்று, 72,000. பெங்களூரில் செலவு 60 சதவீதம் அதிகம் என்கிறது ஓர் இணையதளம். 72,000ஐ 1.6ஆல் வகுத்தால் 45,000தான். கல்விக்கடன் தவணை 11,000, வீட்டுக்கு 10,000 அனுப்ப வேண்டும். பெங்களூர்க் குளிரும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கோவைதானே சரி?
கா., திண்டுக்கல்

அன்புள்ள கா.,

குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது, அதை விடுங்கள். முழுச் சம்பளத்தையும் 1.6ஆல் வகுத்தீர்களே, அதைப் பார்த்துத்தான் எரிச்சல் வந்தது. படித்த பிள்ளை செய்கிற காரியமா இது?

அக்கா கல்யாணக் கடனுக்கு நான் வருடக்கணக்கில் பணம் அனுப்பியவன். நான் எந்த ஊரில் இட்லி தின்கிறேன் என்று அந்த வட்டிக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் வங்கியும் கேட்காது. தவணையும் வீட்டுக்கு அனுப்புவதுமாக 21,000 எந்த ஊரிலும் 21,000தான். அதை முதலில் கழியுங்கள். கோவையில் 27,000 மிஞ்சும், பெங்களூரில் 51,000. விலைவாசி உங்களைத் தொடுவது இதற்கப்புறம்தான். கோவையில் நண்பர்களோடு வீடெடுத்துச் சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 20,000 ஆகும் என்று வையுங்கள், 7,000 நிற்கும். அதே வாழ்க்கை பெங்களூரில் 60 சதவீதம் கூடி 32,000 ஆனாலும் 19,000 நிற்கும். உங்கள் கணக்கில் தோற்ற ஊர் மாதம் 12,000 கூடுதலாகத் தருகிறது.

ஆனால் அந்த 60 சதவீதம் ஊர் முழுவதற்குமான சராசரி. நீங்கள் சராசரியில் குடியிருக்கப் போவதில்லை. வாடகையையும் போக்குவரத்தையும் தனித்தனி வரிகளில் எழுதுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கெங்கேரிப் பக்கம் 6,000 குறைவாக வீடு கிடைக்கிறது, ஊதா மெட்ரோ நேரே ஒயிட்ஃபீல்டுக்குப் போகிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 2025 பிப்ரவரியில் அந்த மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாய் ஆனது. அவ்வளவு தூரத்துக்கு அதுதான் கட்டணம். போக வர 180. மாதம் 22 நாளுக்கு 3,960. மிச்சம் சுமார் 2,000. வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 66 மணி நேரம் ரயிலுக்கும் நடைக்கும் போகும். மணிக்கு 30 ரூபாய்க்கு உங்கள் மாலைப்பொழுதை விற்கிறீர்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்ன வாடகை என்று கேட்டு, அதைக் கணக்கில் போடுங்கள்.

வாடகை முன்பணம் செலவல்ல, ஆனால் பல மாத வாடகை அதில் முடங்கும். கையில் சேரும்வரை பிஜியில் இருங்கள், தம்பி.

அப்புறம், அந்த 72,000 பிஎஃப் பிடித்தம் போக மாதாமாதம் கணக்கில் விழுவதா, வருடக் கடைசியில் தருவதாகச் சொல்லும் ஊக்கத்தொகையும் அதில் ஒளிந்திருக்கிறதா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். உண்மையில் விழுவது 60,000க்குக் கீழே என்றால் பேசாமல் சரவணம்பட்டிக்கே போங்கள்.