அபாய அறிகுறிகளை வீடியோவில் எப்படிச் சொல்வது

“அறுவை சிகிச்சை முடிந்து வீடு போகிறவர்களுக்கு வீடியோ எழுதுகிறேன். பார்த்த பிறகும் எப்போது மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும் என்று குடும்பத்தார் குழம்புகிறார்கள்.”

‘தொற்று தெரிந்தால்’ என்று எழுதினால் எதைப் பார்ப்பது என்றே அவர்களுக்குப் புரியாது. கண்ணில் படுவதை எழுதுங்கள்: “தையலைச் சுற்றிய சிவப்பு நேற்றைவிடப் பரவியிருக்கிறதா? சீழ் வடிகிறதா? தெர்மாமீட்டர் 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே கூப்பிடுங்கள்.” உங்கள் மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதையே போடுங்கள். இந்த வரிகள் வரும்போது தெர்மாமீட்டரை நெருக்கமாகக் காட்டி, கூப்பிட வேண்டிய எண்ணையும் திரையில் நிறுத்திவையுங்கள்.

அப்புறம், உறவினர் ஒருவருக்குப் போட்டுக் காட்டி, “இரவு 11 மணிக்கு தெர்மாமீட்டர் 101 காட்டினால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “காலையில் பார்க்கலாம்” என்றால், ‘நள்ளிரவானாலும்’ என்ற சொல்லைச் சேர்த்து மறுபடி எடுக்க வேண்டும்.