சிசிடிவி படத்தில் இருப்பது யார்? கேள்வி பதில்

எங்கள் தெருக் கேமரா 1080பி. பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவன் முகம் கலங்கலாக இருக்கு. பெரிதாக்கினால் தெரிந்துவிடும் இல்லையா?

தெரியாது. படத்தின் அகலம் 1920 பிக்சல். வழக்கமாக மாட்டுகிற 2.8 மி.மீ. லென்ஸ், பத்து மீட்டர் தூரத்தில் 20 மீட்டருக்கும் கூடுதலான அகலத்தைப் பிடிக்கும். அப்படியென்றால் அங்கே நிற்பவன் முகத்துக்குக் கிடைப்பது சுமார் 14 பிக்சல்தான். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல், அதாவது முகத்துக்கு 40 பிக்சலாவது வேண்டும் என்கிறது சிசிடிவிக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62676-4. பெரிதாக்கும்போது இருக்கிற 14 கட்டமும் பெரிதாகும், அவ்வளவுதான்.

நான் டிவிஆர் மாட்டுகிறவன். முக்கால்வாசிப் பேர் போன் ஆப்பில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள், அது சப் ஸ்ட்ரீம். அதையும் சொல்லுங்கள்.

சரியான விஷயம். சப் ஸ்ட்ரீம் என்பது போனில் தடையில்லாமல் ஓடுவதற்காக அனுப்புகிற சின்னப் படம், அதில் அந்த 14 பிக்சலும் இருக்காது. முழு அளவுப் படமான மெயின் ஸ்ட்ரீமிலேயே, எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். இங்கே முகத்தின் அகலமே அப்படி ஒரு கட்டத்தைவிடக் குறைவு. வெளிச்சத்தில் உள்ள நுணுக்கமான ஏற்ற இறக்கத்தை அது முதலில் தூக்கிவிடுவதால், மீசை மாதிரி தெரிவது வெறும் நிழலாகவும் இருக்கலாம். அப்புறம் வாட்ஸ்அப் இன்னொரு தடவை நசுக்கும். அதனால் டிவிஆரிலிருந்து மூலக் கோப்பையே பென்டிரைவில் எடுங்கள், பழைய பதிவு அழிவதற்குள்.

ராத்திரிப் படத்தில் வெள்ளைச் சட்டை. சந்தேகப்படுகிற பையன் அன்றைக்குப் போட்டிருந்தது கறுப்பு. அப்போ அவன் இல்லைதானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. இரவில் கேமரா பயன்படுத்துகிற அகச்சிவப்பு வெளிச்சத்தில் சில கறுப்புத் துணிகள் வெள்ளையாகத் தெரியும், சாயத்தைப் பொறுத்தது. அதே சட்டையை அதே இடத்தில், அதே கேமராவில், இரவில் காட்டிப் பாருங்கள். வெள்ளையாக வந்தாலும் அவன்தான் என்று ஆகிவிடாது, சட்டையை வைத்து அவனை விலக்க முடியாது என்று மட்டும்தான் ஆகும். இன்னொன்று, இருட்டில் ஷட்டர் 1/25 நொடி திறந்திருந்தால், நடந்து போகிறவன் அதற்குள் ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான், முகத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுபட்டுவிடும். அவன் ஒரு கணம் நின்ற பிரேமைத் தேடுங்கள்.

அப்போ எந்த கம்பெனி கேமரா வாங்கலாம்?

கம்பெனி இங்கே பேச்சில்லை. கேட்டை மட்டும் பார்க்க, குறைந்த அகலத்தைப் பிடிக்கிற 8 மி.மீ. லென்ஸ் போடுங்கள், ரொம்ப உயரத்தில் மாட்டாதீர்கள்.

படம் எப்படி இருந்தால் என்ன, சின்ன வயசிலிருந்து பார்க்கிற பையன், எங்களுக்குத் தெரியாதா? தெருவே அவன்தான் என்கிறது.

பாதி சரி. நன்றாகப் பழகியவரை மோசமான படத்திலும் கண்டுபிடித்துவிடுகிறோம் என்று கிளாஸ்கோவில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதிலும் முகத்தை மறைத்தபோது நடை, உடம்பை மறைத்ததைவிட அதிகமாகத் தடுமாறினார்கள். உங்கள் படத்தில் முகமே இல்லை. தெருவில் எத்தனை பேர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் படத்தைப் பார்த்தார்கள்? பெயரைச் சொல்லிவிட்டுக் காட்டினால் யாருக்கும் அவனாகத்தான் தெரியும். இதுவரை பெயர் காதில் விழாத, அவனைத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் தனியாகக் காட்டி "யாரையாவது தெரிகிறதா" என்று மட்டும் கேளுங்கள். அவர் அவன் பெயரையே சொன்னாலும் போலீஸ் விசாரிக்க ஒரு காரணம், அதற்கு மேல் அந்தப் படத்தால் தாங்காது. படத்தை குரூப்பில் பெயரோடு போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.