பாதிப் பணம் வந்தாயிற்று, ரசீதில் என்ன எழுதுவது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அலுமினியம் ஜன்னல் வேலை செய்கிறேன். ஜிஎஸ்டி பதிவு இல்லை. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு 1,86,000 ரூபாய்க்கு வேலை முடித்துக் கொடுத்தேன். ஏப்ரலில் 59,400, இப்போது ஜூனில் 74,250 வங்கியில் வந்தது. என் கணக்குப்படி பாக்கி 52,350. பள்ளியில் 51,000தான் என்கிறார்கள், ரசீதும் கேட்கிறார்கள். ரசீது கொடுத்தால் அதோடு முடிந்தது என்று சொல்லிவிடுவார்களோ? வேலையை வாங்கிக் கொடுத்த மேஸ்திரி, 'மிச்சத்துக்கும் சேர்த்து ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, நான் செக்கை வாங்கி வருகிறேன்' என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: மேஸ்திரியிடம் எதையும் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் கணக்கு.

பள்ளி சொல்லும் 51,000 சரி. இடையில் நிற்கும் 1,350 ரூபாய் டிடிஎஸ். உங்களைப் போலத் தனி ஆளாக ஒப்பந்த வேலை செய்பவருக்குப் பணம் கொடுக்கும்போது, பள்ளியை நடத்தும் அறக்கட்டளை 100க்கு 1 ரூபாய் பிடித்து உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். ஏப்ரலில் அவர்கள் கொடுத்தது 60,000. அதில் 600 பிடித்து 59,400 அனுப்பினார்கள். இப்போது கொடுத்தது 75,000. 750 பிடித்து 74,250 வந்தது. பிடித்த பணமும் உங்கள் பணம்தான். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லையென்றால் திரும்பக் கேட்டு வாங்கலாம். ஆகவே உங்கள் புத்தகத்தில் அவர்கள் பெயரில் 60,000, 75,000 என்று முழுத் தொகையாக வரவு வையுங்கள். வங்கியில் விழுந்ததை மட்டும் வரவு வைத்தால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பொய்ப் பாக்கி வளர்ந்துகொண்டே போகும். என்னிடம் வரும் பாக்கித் தகராறுகளில் பல இப்படி வந்தவைதான்.

கடைசித் தவணையிலும் இதே கதைதான். 51,000க்கு 510 போக 50,490தான் வரும். அன்றைக்குப் போய் '510 குறைகிறதே' என்று சண்டை போடாதீர்கள்.

ஆனால் ரசீதில் வெறும் '75,000 பெற்றுக்கொண்டேன்' என்று எழுதக் கூடாது. கைக்கு வந்தது வேறு, கணக்கில் கழிவது வேறு. இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எழுதும் முன் பாஸ்புக்கையோ வங்கி ஆப்பையோ நீங்களே திறந்து பணம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரசீது போடாதீர்கள். பணம் இருந்தால் அன்றே, 'வந்துவிட்டது, ரசீது அனுப்புகிறேன், பாக்கி 51,000' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அப்புறம் ரசீது. அது இப்படி இருக்கட்டும்:

'ரசீது எண் 14, நாள் 9-6-2025. பில் எண் 7, அலுமினியம் ஜன்னல் வேலை, மொத்தம் ரூ.1,86,000. வங்கி மூலம் வந்தது ரூ.74,250 (பரிமாற்ற எண் ...). தாங்கள் பிடித்த டிடிஎஸ் ரூ.750. இன்று பில்லில் கழிவது ரூ.75,000. முன்பு கழித்தது ரூ.60,000. இன்னும் வரவேண்டிய பாக்கி ரூ.51,000, 30-6-2025க்குள். இது பகுதித் தொகைக்கான ரசீது. முழுக் கணக்குத் தீர்வு அல்ல.'

கடைசி இரண்டு வாக்கியங்கள் இல்லாமல் ரசீது எழுதாதீர்கள். உங்கள் பயத்துக்கு மருந்து அதுதான். பரிமாற்ற எண்ணை வங்கிப் பதிவைப் பார்த்து எழுதுங்கள். காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் 5,000 ரூபாய்க்கு மேல் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் பாதி, தாளில் பாதியாகக் கையெழுத்து விழ வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டினால் ரசீதுக்குத் தனி பலம் வந்துவிடும் என்பதெல்லாம் இல்லை. அது அரசுக்குப் போகும் தீர்வை, அவ்வளவுதான்.

இப்போது மேஸ்திரி. ரசீது என்பது உங்களுக்கு எதிரான காகிதம். 'வாங்கிவிட்டேன்' என்று நீங்களே கையெழுத்துப் போட்டுச் சொல்வது. வாங்கவில்லை என்று பிறகு நிரூபிக்கலாம்தான். ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர், 'அவர் அனுப்பினார், ரொக்கமாகவே கொடுங்கள்' என்று கேட்டு வாங்கிக்கொண்டால், பள்ளி உங்கள் ரசீதைக் காட்டிக் கையை விரித்துவிடும். 52,000 ரூபாய்க்கு இப்படிக் கொடுத்துவிட்ட ஒரு பெயிண்டருக்காக நான் ஓர் ஆண்டு அலைந்தேன். இடையில் நின்றவர் ஊரை விட்டே போய்விட்டார். பெயிண்டர் கையில் இருந்தது ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை மட்டும். அதிலும் அவருடைய கையெழுத்துத்தான்.

மேஸ்திரியை மட்டும் சொல்லிப் பயனில்லை. பல அலுவலகங்களே 'முன்கூட்டி ரசீது கொடுத்தால்தான் பில் பாஸ் ஆகும்' என்று பழக்கம் வைத்திருக்கின்றன. கவுண்டரில் ரொக்கம் எண்ணிக் கொடுத்த காலத்து வழக்கம் அது. இன்று பணம் நேராக வங்கிக்குப் போகிறது, அனுப்பியதற்கு வங்கியே சாட்சி. அப்புறமும் எளிய வேலைக்காரரிடம் வாங்காத பணத்துக்குக் கையெழுத்து கேட்பது அநியாயம். பில்லைப் பாஸ் செய்யத் தேவை பில், ரசீது அல்ல. 51,000க்கு ஒரு பாக்கிக் கோரிக்கைக் கடிதம், அதில் உங்கள் வங்கிக் கணக்கு எண், இரண்டையும் அலுவலகத்தில் நீங்களே நேரில் கொடுங்கள். ரசீது இல்லாமல் முடியவே முடியாது என்று பிடிவாதம் பிடித்தால், 'மேற்படி தொகை என் வங்கிக் கணக்கில் வரவான பிறகே இந்த ரசீது செல்லும்' என்று ஸ்டாம்ப்புக்கு மேலேயே எழுதி, ஒரு நகலில் அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

நகல் என்றதும் ஒன்று. நீங்கள் அனுப்பும் ரசீதில் '51,000 பாக்கி' என்று நீங்கள் எழுதுவது உங்கள் பேச்சு மட்டும். பள்ளி அதை ஒப்புக்கொண்டதாக ஆகாது. பாக்கியை நீதிமன்றத்தில் கேட்க, இப்படிப்பட்ட வேலைக்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். அதற்குள் கடன்பட்டவர் தன் கையெழுத்தோடு பாக்கியை ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். பகுதிப் பணம் கொடுத்ததற்கும் அப்படியே. ஆனால் அதையும் கொடுத்தவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். ரசீதை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றின் அடியில் 'பாக்கி ரூ.51,000 சரி' என்று பொறுப்பில் இருப்பவரிடம் எழுதிக் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள். கணக்கு எழுதும் தம்பியிடம் வாங்காதீர்கள். தாளாளரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ போடட்டும்.

டிடிஎஸ் பிடித்ததாகச் சொல்லிவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்ததற்கான கணக்கை அவர்கள் ஜூலை 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகஸ்ட் நடுவில் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கைத் திறந்து 600, 750 இரண்டும் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாவிட்டால், அவர்கள் பிடித்த அந்த 1,350ஐக் காட்டி, கட்டிவிட்டுச் சான்றிதழ் தரச் சொல்லிப் பள்ளிக்கு எழுத்தில் கேளுங்கள்.